28 இருக்கைகளுக்கு ஒரு விவரக்குறிப்பு எழுதுவது எப்படி

கோவொர்க்கிங் இடம் திறந்து பலகை மாட்டியதும் வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "சீட்டு எவ்வளவுங்க? எத்தனை மணி வரைக்கும் இருக்கலாம்? ஏசி எந்நேரமும் ஓடுமா?" இந்த மூன்றுக்கும் நாம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவோம். அடுத்த மாதம் அதே ஆள் முன்னால் நின்று, "அன்னிக்கு ஃபோன்ல அப்படித்தான சொன்னீங்க" என்பார்.

இந்தக் கட்டுரை கூகுள் மேப்ஸிலோ, இருக்கை தேடித்தரும் தளங்களிலோ, வாட்ஸாப்பில் அனுப்பும் படத்திலோ போடப்போகும் விவரக்குறிப்பைப் பற்றியது. உதாரணத்துக்கு நான் நன்றாக அறிந்த அளவையே எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூர், பீளமேட்டுப் பக்கம், முதல் மாடி, 1,500 சதுர அடி, 28 இருக்கைகள். உங்கள் ஊரில் வாடகை வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது.

எழுத உட்காரும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். கட்டடம் உங்களுடையது இல்லையென்றால், இருக்கைகளைப் பிறருக்குக் கொடுக்க உரிமையாளர் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். "ஆபீஸ் நடத்திக்கலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னது இதற்குப் போதாது. அதோடு, இரவில் கீழ்க்கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும், லிஃப்ட் எப்போது நிறுத்தப்படும், ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மோட்டாரைப் போடுவது யார் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்பது நேரத்தைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

இருக்கைகளை வகை பிரிப்பது

28 இருக்கையும் ஒரே விலை என்று போட்டால் வேலை எளிதுதான். ஆனால் மாதத்தில் எட்டு நாள் வருபவரும் தினமும் மானிட்டரோடு உட்காருபவரும் ஒரே பணம் கட்ட மாட்டார்கள். எனவே மூன்றாகப் பிரிக்கிறோம். பத்து இருக்கைகள் பொது. காலையில் வந்து காலியாக இருப்பதில் உட்கார வேண்டும், மாலையில் மேசையைக் காலி செய்துவிட வேண்டும். பதினான்கு இருக்கைகள் நிலையானவை. மேசை அவருடையதாகவே இருக்கும், சாமான்களை விட்டுவிட்டுப் போகலாம், பக்கத்தில் ஒரு லாக்கர் உண்டு. மீதி நான்கும் ஒரே கேபின். அதை ஒரு குழுவுக்கு மொத்தமாகத்தான் கொடுப்போம்.

இவற்றில் முதல் இரண்டுக்கும் ஹாட் டெஸ்க், டெடிகேட்டட் டெஸ்க் என்ற பெயர்கள் தொழிலில் புழங்குகின்றன. அவற்றைப் போடலாம், தேடுபவர்கள் அந்தச் சொல்லில்தான் தேடுகிறார்கள். ஆனால் பக்கத்திலேயே ஒரு வரி விளக்கமும் இருக்கட்டும். "ஹாட் டெஸ்க்னா ஏசி இல்லாத சீட்டுங்களா?" என்று என்னிடம் ஒருவர் நிஜமாகவே கேட்டார். ஆடிட்டர் அவர், கணக்கில் புலி. தப்பு அவருடையது இல்லை.

அடிவிலை

பக்கத்துத் தெருவில் 5,000 வாங்குகிறார்கள், நாம் 4,500 போடுவோம் என்று தொடங்குவதுதான் வழக்கமான தவறு. அவர் கட்டடம் சொந்தமாக இருக்கலாம், ஜெனரேட்டர் இல்லாமல் இருக்கலாம். நம் செலவை முதலில் பார்ப்போம்.

சதுர அடிக்கு 35 ரூபாய் வீதம் வாடகை 52,500. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தாலும் மாதக் கணக்கில் சராசரி 18,000 என்று வைப்போம். கோடையில் ஏறும், மார்கழியில் இறங்கும். வரவேற்பில் ஒருவர், பகுதிநேரத் துப்புரவுக்கு ஒருவர், இருவருக்கும் சேர்த்து 24,000. இரண்டு இணைய இணைப்புகள் 5,000. டீ, குடிநீர், துப்புரவுச் சாமான் 6,500. யுபிஎஸ் பராமரிப்பும் சில்லறை ரிப்பேரும் 4,000. கூட்டினால் 1,10,000. மேசை, நாற்காலி, ஏசி, வயரிங் என்று தொடக்கத்தில் போட்ட 7,20,000 ரூபாயை நான்கு ஆண்டில் திரும்ப எடுக்க மாதம் 15,000. ஆக 1,25,000.

இதை 28ஆல் வகுத்தால் 4,464 வரும். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். எல்லா இருக்கையும் எல்லா மாதமும் நிரம்பியிருப்பதில்லை. தேர்வுக்குப் படிக்க வந்தவர் தேர்வு முடிந்ததும் போய்விடுவார், ஒரு குழு பெரிய இடத்துக்கு மாறிவிடும். 20 இருக்கை நிரம்பியிருந்தால் போதும் என்று கணக்கிடுங்கள். அப்போது ஓர் இருக்கையின் அடிவிலை 6,250. எல்லா வகையும் சேர்ந்த சராசரி இதற்குக் கீழே போகக் கூடாது.

இந்த எண்ணைச் சுற்றி விலை வைக்கலாம். பொது இருக்கை மாதம் 5,500. நிலையான இருக்கை 7,000. நான்கு பேர் கேபின் 32,000. பொது இருக்கை அடிவிலைக்குக் கீழே இருக்கிறதே என்று தோன்றும். அதைச் சரிக்கட்டும் வழி ஒன்று உண்டு. பத்து பொது இருக்கைகளுக்குப் பதின்மூன்று பேர் வரை சேர்க்கலாம், ஏனென்றால் எல்லாரும் ஒரே நாளில் வருவதில்லை. இதை ரகசியமாகச் செய்யாதீர்கள். குறிப்பிலேயே "இருக்கை எண் உறுதி இல்லை" என்று எழுதுங்கள். எல்லை எது என்பதைத் தினமும் இரண்டு முறை எண்ணித்தான் அறிய முடியும். காலை 11.30, மாலை 3.30. இந்த இரண்டு நேரத்திலும் எத்தனை பொது இருக்கை காலி என்று ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரே மாதத்தில் மூன்று நாள் ஒன்றுகூடக் காலி இல்லை என்று வந்துவிட்டால், பதினான்காவது ஆளைச் சேர்க்காதீர்கள். பணம் கட்டியவர் பையோடு நின்று திரும்பிப் போவது போல மோசமான விளம்பரம் வேறில்லை.

ஓட்டிப் பார்ப்போம். பொது இருக்கைக்கு 9 பேர் 49,500, நிலையான இருக்கை 8 பேர் 56,000, கேபின் 32,000. மொத்தம் 1,37,500. செலவு போக 12,500 நிற்கிறது. பெரிய லாபம் இல்லை, ஆனால் மாதாமாதம் கைப்பணம் போட வேண்டியதில்லை.

ஒருநாள் சீட்டின் விலை

டே பாஸை எவ்வளவுக்கு விற்கலாம் என்பது தனிக் கேள்வி. அதன் விலை தன் வருமானத்தால் முக்கியம் இல்லை, மாதச் சந்தாவைக் காப்பாற்றுவதால் முக்கியம். 300 ரூபாய் போட்டீர்கள் என்று வையுங்கள். வாரம் மூன்று நாள் வருபவர் மாதத்தில் 13 நாள் வருவார், 3,900 கட்டுவார். அவர் ஏன் 5,500 கட்டி மாத உறுப்பினர் ஆக வேண்டும்? அதையே 450 என்று வைத்தால் 13 நாளுக்கு 5,850 ஆகிவிடும். அவரே கணக்குப் போட்டு மாதச் சந்தாவுக்கு வந்துவிடுவார். வாரம் இரண்டு நாள் மட்டும் வருபவருக்கு 450தான் லாபம், அவர் அதிலேயே இருக்கட்டும். பொதுவாகச் சொன்னால், மாத விலையை ஒருநாள் விலையால் வகுத்தால் 12 வருமாறு பாருங்கள். 18 வந்தால் உங்கள் மாத உறுப்பினர்கள் ஒவ்வொருவராக டே பாஸுக்கு இறங்குவார்கள்.

ஒருநாள் சீட்டு வாங்க வருபவரைக் காலை 10 மணிக்குப் பிறகே உறுதி செய்யுங்கள். அதற்குள் மாத உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், மீதி தெரிந்துவிடும்.

மூன்று கடிகாரங்கள்

இனி நேரம். சண்டை அதிகம் வருவது இங்கேதான். "நேரம்: காலை 9 – இரவு 10" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். ஆனால் ஒரு கோவொர்க்கிங் இடத்தில் மூன்று வேறு நேரங்கள் ஓடுகின்றன. உள்ளே நுழையக்கூடிய நேரம் ஒன்று. வரவேற்பில் ஆள் இருக்கும் நேரம் இன்னொன்று. ஏசி ஓடும் நேரம் மூன்றாவது. வருபவர் இந்த மூன்றும் ஒன்றே என்று நினைத்துக்கொள்வார். நாம் ஒன்றைச் சொல்வோம்.

தொடங்கிய புதிதில் ஆசையில் "24 மணி நேரமும்" என்று போட்டேன். விரல்ரேகைப் பூட்டு மாட்டியிருக்கிறோமே என்ற தைரியம். ஒரு நாள் இரவு 11.30க்கு ஒரு பையனிடமிருந்து அழைப்பு. "அண்ணா, கீழ கேட்டு பூட்டியிருக்குதுங்கண்ணா, வாட்ச்மேன் எந்திரிக்கவே மாட்டேங்கறாரு." என் பூட்டு முதல் மாடியில் இருந்தது. கட்டடத்தின் பூட்டு தரையில் இருந்தது. அந்த மாதம் அவருக்கு ஆயிரம் ரூபாய் திருப்பிக் கொடுத்தேன், குறிப்பிலிருந்து அந்த வரியையும் எடுத்தேன்.

எனவே வாசலிலிருந்து மேசை வரை எத்தனை பூட்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். அவற்றில் எந்தப் பூட்டு முதலில் பூட்டப்படுகிறதோ, அதுதான் உங்கள் நேரம். நம் உதாரணக் கட்டடத்தில் கீழ்க்கதவு 10.30க்குப் பூட்டப்படுகிறது. ஆகவே நிலையான இருக்கைக்கும் கேபினுக்கும் காலை 7 முதல் இரவு 10 வரை. பொது இருக்கைக்குக் காலை 9 முதல் இரவு 8 வரை, திங்கள் முதல் சனி வரை. டே பாஸுக்கு 9 முதல் 7 வரை. வரவேற்பில் ஆள் 9 முதல் 6.30 வரை. கூரியர் வாங்கி வைப்பது, பிரிண்ட் எடுத்துத் தருவது எல்லாம் அதற்குள்தான். பொது ஏசி காலை 9.30 முதல் இரவு 8 வரை. மற்ற நேரத்தில் மின்விசிறி.

இரவு வேலை செய்பவர்களுக்கு என்ன செய்வது? அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்பவர்கள் மாலையில்தான் வருவார்கள். கூடுதல் பணம் கொடுக்கவும் தயங்க மாட்டார்கள். இதைத் தனி விலையாக வையுங்கள், எல்லாருக்கும் இலவசமாக விரிக்காதீர்கள். கணக்கு இப்படி: ஒரு பெரிய ஏசி மணிக்கு ஏறக்குறைய 2 யூனிட் எடுக்கும். இரவு 9 முதல் 1 வரை நான்கு மணி நேரத்துக்கு 8 யூனிட். வணிக இணைப்பில் யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் ஓர் இரவுக்கு 80, இருபத்தைந்து இரவுக்கு 2,000. இரவுக் கட்டணமாக 1,500 வாங்கினால் ஒரே ஆளுக்கு அது நஷ்டம், இரண்டு பேர் சேர்ந்தால் 1,000 மிச்சம். அதனால் இரண்டு பேர் சேர்ந்த பிறகே இரவு வசதியைத் தொடங்குங்கள். இரவில் எல்லாரும் தெற்குப் பக்கத்து ஆறு மேசைகளில்தான் உட்கார வேண்டும் என்றும் எழுதுங்கள். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தால் நான்கு ஏசி ஓடும். காவலாளியிடம் பேசி, இரவு 1 மணிக்குக் கதவைத் திறந்துவிட அவருக்கும் மாதம் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும். அந்த மிச்சம் ஆயிரத்தில் ஒரு பகுதி அங்கே போகும்.

விடுமுறை நாள்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "அரசு விடுமுறை" என்று மட்டும் போட்டால், வங்கிக் கணக்கு முடிக்கும் நாள்கூட அரசு விடுமுறைதானே என்று ஒருவர் வாதாடுவார். பொங்கலுக்கு மூன்று நாள், தீபாவளிக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மதியம் வரை என்று தெளிவாக இருக்கட்டும். கூகுள் பக்கத்தில் அந்த நாள்களுக்குத் தனியாக நேரம் குறிக்கும் வசதி உண்டு, அதையும் நிரப்புங்கள். பூட்டிய கதவின் முன் நின்று ஒற்றை நட்சத்திரம் போடுபவர் பெரும்பாலும் பண்டிகை நாளில் வந்தவராகத்தான் இருப்பார்.

பிறகு மின்தடை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் பல மணி நேரம் மின்சாரத்தை நிறுத்துவது எல்லாருக்கும் தெரியும், முந்தின நாள் செய்தித்தாளிலேயே பகுதிகளின் பெயர் வரும். "முழு மின் காப்பு" என்று எழுதிவிட்டு அன்று ஏசி ஓடவில்லையென்றால் பொய் சொன்னதாகிவிடும். யுபிஎஸ் எதை எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஒரு நாள் மெயினை அணைத்துப் பாருங்கள். நாங்கள் பார்த்தபோது விளக்கு, மின்விசிறி, வைஃபை, மேசைப் பிளக் எல்லாம் மூன்றரை மணி நேரம் வரை ஓடின. அதையே எழுதுங்கள். குறைவாகச் சொன்னதற்காக இதுவரை யாரும் வராமல் போனதில்லை.

விதிகள்

விதிகளை எழுதும்போது கை நீளும். இருபது, முப்பது என்று எழுதி லேமினேட் செய்து ஒட்டியிருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. "அமைதி காக்கவும்", "ஒத்துழைப்புத் தரவும்" போன்றவை விதியே இல்லை. எது மீறல் என்று இருவரும் ஒரே மாதிரி சொல்லக்கூடியதாக இருந்தால்தான் அது விதி.

தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். "சத்தமாகப் பேசக் கூடாது" என்றால் யாருக்கும் தன் குரல் சத்தமாகத் தெரியாது. "மேசையில் அழைப்பை எடுக்கலாம், இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் எழுந்து ஃபோன் அறைக்கோ பால்கனிக்கோ போக வேண்டும். ஸ்பீக்கரில் பேசக் கூடாது" என்றால் தெளிவு. ஆனால் ஃபோன் அறை இல்லாத இடத்தில் இந்த விதியை எழுதாதீர்கள். போக இடம் காட்டாமல் போகச் சொல்லும் விதியை இரண்டாம் நாளே எல்லாரும் மீறுவார்கள், மற்ற விதிகளும் அதோடு மரியாதை இழக்கும். 28 இருக்கைக்கு ஒரு ஃபோன் அறை போதாது, இரண்டு வேண்டும். இரண்டாவதற்கு இடம் இல்லையென்றால் வீடியோ அழைப்பு நாள் முழுக்க உள்ளவர்களை, உதாரணமாக இணையவழி டியூஷன் எடுப்பவர்களை, சேர்க்கும் முன்பே "உங்களுக்குக் கேபின்தான் சரிப்படும்" என்று சொல்லிவிடுங்கள்.

பொது இருக்கைகளில் பையை வைத்து இடம் பிடிப்பது அடுத்த தலைவலி. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்தவர்கள் நாம். "ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆள் இல்லாத பொது மேசையில் உள்ள பொருளை வரவேற்பில் எடுத்து வைப்போம்" என்று எழுதி, முதல் வாரமே ஒருமுறை நிஜமாக எடுத்து வையுங்கள். சாப்பாட்டுக்குப் போகிறவருக்கு ஒரு மணி நேரம் போதும்.

விருந்தாளி வந்தால் வரவேற்பு மூலையில் அரை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் டே பாஸ். சாப்பாடு சமையலறை மேசையில் மட்டும். கருவாடு, மீன் குழம்பு பற்றித் தனி விதி எழுத ஒரு நண்பர் யோசித்தார். வேண்டாம் என்றேன். இடத்தைத்தான் கட்டுப்படுத்த வேண்டும், யார் என்ன சாப்பிடுகிறார் என்பது நம் வேலை இல்லை. சமையலறைக்கு ஒரு கதவும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போட்டால் அந்த விதி தேவைப்படாது.

வைஃபைக்கு எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் கொடுக்காதீர்கள். ஆளுக்கொரு நுழைவுப் பெயர் இருக்க வேண்டும். உங்கள் இணைப்பிலிருந்து யாராவது தப்பான காரியம் செய்து காவல்துறை கேட்டால், எந்த நேரத்தில் யார் இருந்தார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அடையாள அட்டை நகல் தேவை என்பதைக் குறிப்பிலேயே எழுதுங்கள். ஆதார் என்றால் எண் மறைக்கப்பட்ட ஆதார் போதும்.

முகவரியைக் கொடுப்பதா?

இதைப் புதியவர்கள் யாரும் யோசிப்பதில்லை. சேர்ந்த இரண்டாவது வாரம் ஓர் உறுப்பினர் வந்து, "ஜிஎஸ்டி எடுக்கணும், ஒரு என்ஓசி கொடுத்துடுங்க" என்பார். ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், மின்கட்டண ரசீது நகல், ஒப்பந்த நகல் ஆகியவற்றைக் கேட்பார். கொடுத்தால் உங்கள் மாடி அவருடைய தொழிலின் பதிவு முகவரி ஆகிவிடும். அவர் ஆறு மாதத்தில் போய்விடுவார், முகவரி போகாது. வரித்துறைக் கடிதம் உங்களுக்கு வரும். ஒரு நாள் அதிகாரி நேரில் வந்து "இந்தப் பெயரில் யார்?" என்று கேட்பார். அந்த மேசையில் அப்போது பாவம் வேறு யாரோ இருப்பார்.

எனவே விவரக்குறிப்பில் இதற்கு ஒரு வரி கட்டாயம். பொது இருக்கைக்கும் டே பாஸுக்கும் முகவரி உரிமை இல்லை. நிலையான இருக்கைக்கும் கேபினுக்கும் குறைந்தது 11 மாத ஒப்பந்தம் இருந்தால், மாதம் 1,000 கூடுதலாகக் கட்டினால் உண்டு. விலகும்போது பதிவில் முகவரியை மாற்றியதற்கான சான்றைக் காட்டிய பிறகே அட்வான்ஸ் திரும்பும். இந்தக் கடைசி நிபந்தனையை எழுதாவிட்டால் விலகியவரை நீங்கள் ஃபோனில் துரத்த வேண்டியிருக்கும். கட்டட உரிமையாளரின் சம்மதத்தில் இதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒரு சொல். உறுப்பினருடன் நீங்கள் போடுவது வாடகை ஒப்பந்தம் இல்லை, பயன்பாட்டு உரிம ஒப்பந்தம். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் சொல்லும் உரிமம் இது. இடத்தைப் பயன்படுத்த அனுமதி உண்டு, இடத்தின் மீது வாடகைதாரருக்குரிய உரிமை கிடையாது. பெயர் மட்டும் உரிமம் என்று இருந்து, பூட்டும் சாவியும் முழுக்க அவர் கையில் போனால் பெயருக்கு மதிப்புக் குறையும். கேபினின் மாற்றுச் சாவி உங்களிடம் இருப்பதையும், துப்புரவுக்கு உள்ளே போவீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே அச்சடியுங்கள்.

வரியும் அட்வான்ஸும்

இந்தச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தமிழ்நாட்டில் சேவை தருபவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நம் உதாரணத்தில் மாதம் 1,37,500 என்றால் ஆண்டுக்கு 16,50,000. தேவையில்லை என்று தோன்றும். ஆனால் பொது இருக்கைக்குப் பதின்மூன்று பேரும் சேர்ந்து, மற்ற எல்லா இருக்கையும் நிரம்பினால் மாதம் 2,01,500, ஆண்டுக்கு 24,18,000. நடுவில் ஒரு மாதம் எல்லையைத் தாண்டுவீர்கள். உங்கள் பான் எண்ணில் வேறு தொழில் இருந்தால் அந்த வரவும் இதோடு சேரும். பதிவு இல்லாதவரை யாரிடமும் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு வந்த பின் வாங்கியே ஆக வேண்டும். அப்போது 5,500 என்று பழகியவரிடம் 6,490 கேட்டால் முகம் மாறும். ஆகவே முதல் நாளே "தற்போது ஜிஎஸ்டி இல்லை, பதிவு செய்த பின் 18 சதவீதம் கூடும்" என்று எழுதிவிடுங்கள். பதிவு உள்ளவர்கள் இரண்டு எண்ணையும் போடுங்கள்: 5,500, வரியோடு 6,490. வரிக்கு முந்திய விலையைப் பெரிதாகவும் "வரி தனி" என்பதை எறும்பு அளவிலும் போடும் பழக்கம் வேண்டாம்.

அட்வான்ஸ் பொது இருக்கைக்கு ஒரு மாதம், மற்றவற்றுக்கு இரண்டு மாதம். விலக முன்னறிவிப்பு முறையே 15 நாள், 30 நாள். திரும்பக் கொடுக்கும் நாளையும் எழுதுங்கள், விலகிய ஏழு நாளுக்குள். தேதி போடாத அட்வான்ஸ் திரும்பாத அட்வான்ஸ் என்றே இங்கே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

எழுதி முடித்தால் இப்படி இருக்கும்

மேலே பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு கைப்பேசித் திரையில் இரண்டு முறை தள்ளிப் படிக்கும் அளவுக்கு வரும். அதற்கு மேல் போகக் கூடாது.

> பீளமேடு, முதல் மாடி, லிஃப்ட் உண்டு (இரவு 9 வரை). 28 இருக்கைகள். இரு சக்கர வாகன நிறுத்தம் உண்டு. கார் நிறுத்த இடம் இல்லை.
>
> பொது இருக்கை (ஹாட் டெஸ்க்): மாதம் 5,500. காலியான மேசையில் உட்காரலாம், இருக்கை எண் உறுதி இல்லை. திங்கள்–சனி, காலை 9 – இரவு 8.
>
> நிலையான இருக்கை: மாதம் 7,000. உங்களுக்கென்று மேசை, லாக்கர். எல்லா நாளும் காலை 7 – இரவு 10.
>
> கேபின், 4 பேர்: மாதம் 32,000. எல்லா நாளும் காலை 7 – இரவு 10.
>
> ஒரு நாள்: 450. திங்கள்–சனி, காலை 9 – மாலை 7. காலை 10 மணிக்குப் பிறகு உறுதி செய்யப்படும்.
>
> இரவு 1 மணி வரை இருக்க மாதம் 1,500 கூடுதல் (நிலையான இருக்கை, கேபின் மட்டும், தெற்குப் பகுதி மேசைகள்).
>
> பொது ஏசி காலை 9.30 – இரவு 8. வரவேற்பு காலை 9 – மாலை 6.30, ஞாயிறு இல்லை. மின்தடையில் விளக்கு, மின்விசிறி, வைஃபை, பிளக் மூன்று மணி நேரம் வரை ஓடும், ஏசி ஓடாது.
>
> இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட அழைப்புகள் ஃபோன் அறையில். சாப்பாடு சமையலறையில். ஒரு மணி நேரம் ஆள் இல்லாத பொது மேசை காலியாகக் கருதப்படும்.
>
> பதிவு முகவரி: நிலையான இருக்கை, கேபின், 11 மாத ஒப்பந்தம், மாதம் 1,000 கூடுதல்.
>
> அட்வான்ஸ்: பொது இருக்கைக்கு ஒரு மாதம், மற்றவற்றுக்கு இரண்டு மாதம். விலகிய 7 நாளுக்குள் திரும்பும். முகவரி பயன்படுத்தியவர்களுக்கு, அதை மாற்றிய சான்று தந்த பின். தற்போது ஜிஎஸ்டி இல்லை. பதிவுக்குப் பின் 18% கூடும்.

மூன்றரை மணி நேரம் ஓடியதை மூன்று என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பேட்டரிக்கு வயதாகும். கார் நிறுத்த இடம் இல்லை என்பதை முதல் வரியிலேயே வைத்திருப்பதும் வேண்டுமென்றேதான். காரில் வந்து பத்து நிமிடம் சுற்றிவிட்டு மேலே ஏறி வருபவர் எந்த விலைக்கும் மசிய மாட்டார்.

படங்களுக்கு நான்கு போதும். ஒரு பொது மேசை, அதன் பிளக் பாயின்ட் தெரியும்படி. நாற்காலி பக்கவாட்டில். ஃபோன் அறை. கழிவறை. கடைசியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நேரில் பார்க்க வருபவர்கள், குறிப்பாகப் பெண்கள், முதலில் பார்ப்பது அதைத்தான். அறையை மைதானம் போலக் காட்டும் அகலக் கோணத்தில் எடுக்க வேண்டாம். வந்து பார்க்கும்போது அவர்கள் முகத்தில் தெரியும் வித்தியாசத்தை எந்தத் தள்ளுபடியாலும் சரிசெய்ய முடியாது.

போடும் முன், தொழிலில் இல்லாத ஒருவரிடம், அக்காவிடமோ டீக்கடை நண்பரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். விளக்காதீர்கள். அவர் என்ன கேட்கிறாரோ அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் குறிப்பைப் படித்துவிட்டு என் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "ஏன்டா, குடிக்கத் தண்ணி இருக்குதா இல்லியா?" 6,500 ரூபாய் செலவுக் கணக்கில் இருந்த தண்ணீரும் டீயும் குறிப்பில் எங்கேயும் இல்லை. அன்றே ஒரு வரி சேர்த்தேன்: குடிநீர் எப்போதும், டீ காலை 11க்கும் மாலை 4க்கும்.